அழுத்தினால் அமுங்காத குழாய்

இரவு 11 மணி தாண்டியிருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வலப்பக்கமாகக் கொஞ்சம் கூனியபடி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் வந்தான். முந்தின நாள் மதியம் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலி தொடங்கியிருக்கிறது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சோடா குடித்திருக்கிறான். இரவில் இரண்டு முறை வாந்தி. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. சாயங்காலத்துக்குள் வலி தொப்புளை விட்டு இறங்கி, அடிவயிற்றின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. லேசான காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 14,200.

"டாக்டர், ஸ்கேனுக்குத் தண்ணி குடிக்கணும்னு சொன்னாங்க. ஒரு லிட்டர் குடிக்க வெச்சுட்டேன். போதுமா?" என்றார் அம்மா.

"இந்த ஸ்கேனுக்குத் தண்ணி வேண்டாம்மா. ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா, வயித்துல தண்ணி இருக்கறது மயக்க மருந்து குடுக்கறவங்களுக்குச் சிக்கல். இனிமே ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க" என்றேன். பையனை மட்டும் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னேன். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் பார்ப்பதற்குத்தான் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். குடல்வாலைப் பார்க்க வயிற்றை ஆழமாக அழுத்த வேண்டும். நிறைந்த மூத்திரப்பையின் மேல் அழுத்தினால் நோயாளி துடித்துப்போவார், பரிசோதனையும் பாதியில் நிற்கும்.

படுக்க வைத்து, ஜெல் தடவும் முன் ஒன்று கேட்டேன். "தம்பி, எங்க ரொம்ப வலிக்குதோ அங்க ஒரே ஒரு விரல வெச்சுக் காட்டு." அவன் யோசிக்கவே இல்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் நடுவே, வழக்கமான இடத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே தொட்டான். அந்த இரண்டு விரற்கடை முக்கியம். குடல்வாலின் அடிப்பகுதிதான் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கும், நுனி எங்கே வேண்டுமானாலும் போகும். நோயாளியின் விரல் காட்டும் இடத்தில் ஸ்கேனைத் தொடங்குவது, புத்தகம் காட்டும் இடத்தில் தொடங்குவதைவிடப் பலமுறை எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

நம் ஊரில் ஒட்டுக்குடல் என்றும் குடல்வால் என்றும் சொல்வது பெருங்குடலின் தொடக்கத்தில் ஒட்டித் தொங்கும் ஒரு சிறு குழாய். சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெருங்குடலின் முதல் பை போன்ற பகுதியிலிருந்து அது கிளம்புகிறது. சுண்டுவிரலைவிட மெலிது. நீளம் பெரும்பாலும் 8, 9 சென்டிமீட்டர். ஒரு முனை குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். மற்றக் குடல்களைப் போல் அது அலையலையாகச் சுருங்கி விரிவதில்லை. மூடிய முனையும் அசைவின்மையும்தான் திரையில் அதை அடையாளம் காண உதவும் இரண்டு அங்க லட்சணங்கள். இவற்றை உறுதி செய்யாமல் அளவெடுக்கத் தொடங்குபவர் சிறுகுடலின் கடைசித் துண்டைக் குடல்வால் என்று எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

1886இல் பாஸ்டன் நகரத்து நோயியல் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், வலது அடிவயிற்றில் சீழ் பிடித்து மனிதர்கள் சாவதற்குப் பெரும்பாலும் இந்தச் சிறுகுழாய்தான் மூலம் என்று எடுத்துக்காட்டி, அந்த நோய்க்கு அப்பெண்டிசைடிஸ் என்று பெயரும் வைத்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு வருஷம், கையால் தொட்டுப் பார்த்தும் அனுபவத்தை வைத்தும்தான் அறுவை மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாக இருப்பதும் நடக்கும். அல்ட்ராசவுண்ட் வந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. காரணம், காற்று. ஒலியலை காற்றைத் தாண்டிப் போகாது. குடல் முழுக்கக் காற்று. அதற்கு அடியில் கிடக்கும் மெல்லிய குழாயை எப்படிப் பார்ப்பது என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள்.

1986இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் ஜூலியன் பைலார்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது கேட்பதற்கு எளிது. ப்ரோபை வயிற்றின் மேல் வைத்து, மெல்ல மெல்ல, படிப்படியாக அழுத்தினார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் கை எப்படி அழுத்துமோ அப்படி. அழுத்த அழுத்தக் காற்று நிறைந்த குடல்கள் பக்கவாட்டில் நழுவின. இடையில் இருந்த தூரம் குறைந்தது. ஆழம் குறைந்ததால், மேலோட்டமாக மட்டுமே பார்க்க முடிந்தாலும் நுணுக்கமாகக் காட்டும் அதிக அதிர்வெண் ப்ரோபைப் பயன்படுத்த முடிந்தது. அடியில் மாட்டிக்கொண்ட குடல்வால் திரையில் தெரிந்தது. இன்று உலகம் முழுக்க நாங்கள் செய்வது இதைத்தான்.

மேசை மேல் கிடக்கும் பையனிடம் திரும்புவோம். முதலில் வலப்பக்கம் மேலிருந்து பெருங்குடலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். காற்றும் மலமும் நிறைந்த பெருங்குடல் திரையில் வெள்ளையான ஒரு வளைவாகவும் அதற்குக் கீழே அழுக்கான நிழலாகவும் தெரியும். அது முடியும் இடத்தில் சிறுகுடல் வந்து சேர்கிறது. அந்தச் சிறுகுடல் துண்டு அவ்வப்போது நெளிந்தது. ஆகவே அது குடல்வால் இல்லை. இன்னும் கீழே, ஆழத்தில், தொடைக்குப் போகும் சோவாஸ் என்ற தடித்த தசை. அதை ஒட்டி, துடிக்கும் ரத்தக்குழாய். இந்தத் தசைதான் எங்களுக்குத் தரை. மேலே வயிற்றுச் சுவர், கீழே தசை, நடுவில் இருப்பதை எல்லாம் நசுக்கிப் பார்க்க வேண்டும். தசையும் ரத்தக்குழாயும் திரையில் தெரியும் அளவுக்கு அழுத்தவில்லை என்றால் அந்த ஸ்கேன் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

"மூச்ச மெதுவா வெளிய விடு, தம்பி." அவன் மூச்சை விடும்போதெல்லாம் வயிறு தளரும். அந்தத் தளர்வில் கொஞ்சம் இறங்குவேன். அவன் மூச்சை இழுக்கும்போது இறங்கிய இடத்திலேயே நிற்பேன். சட்டென்று குத்தினால் வயிற்றுத் தசைகள் பலகை போல் இறுகிவிடும், அதற்குப் பிறகு எதையும் பார்க்க முடியாது. எடுக்கும்போதும் அப்படித்தான். அழுத்தின கையைத் திடீரென்று எடுத்தால், வீங்கிய குடல்வாலை ஒட்டியிருக்கும் வயிற்றறைச் சவ்வு சுண்டிவிட்டாற்போல் இழுபட்டுக் கடுமையாக வலிக்கும். அழுத்தும்போது பொறுத்துக்கொண்டவர்கள் விடும்போது அலறுவதற்கு இதுதான் காரணம்.

நான்காவது மூச்சில் சிறுகுடல் நசுங்கி, தாள் போல் தட்டையாகிப் பக்கத்தில் நழுவியது. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் நசுங்கவில்லை. நான் அழுத்தியபோது அது அப்படியே கீழே போய்த் தசையின் மேல் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வட்டம் வட்டமாகவே இருந்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கதான் டாக்டர்" என்றான்.

மூன்று அடையாளங்களில் முதலாவது இந்த அமுங்காத தன்மை. நல்ல நிலையில் உள்ள குடல்வால் மென்மையான ரப்பர் குழாய் மாதிரி. அழுத்தினால் முட்டை வடிவமாகி, பிறகு தட்டையாகும். விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். அழற்சியில் என்ன ஆகிறது? பெரும்பாலும் வாய்ப்பக்கம் எங்கோ அடைபடுகிறது. கெட்டிப்பட்ட மலத் துணுக்கோ, சின்ன வயதினருக்குச் சுவரில் உள்ள நிணத் திசுக்கள் வீங்குவதோ அடைப்புக்குக் காரணமாகலாம். குடல்வாலின் உள்தோல் சளி சுரப்பதை நிறுத்துவதில்லை. வெளியேற வழியில்லாத சளி உள்ளேயே தேங்குகிறது, கிருமி பெருகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏறச் சுவரிலிருந்து ரத்தம் திரும்பிப் போவது தடைபட்டு, சுவரும் நீர் கோத்து வீங்குகிறது. காற்றடைத்த சைக்கிள் டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த நிலைமைதான். ஆகவே அமுங்காமை என்பது வெறும் வடிவம் பற்றிய குறிப்பு அல்ல. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது, சுவர் விறைத்திருக்கிறது என்பதை என் கைக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் செய்தி. ஒரு தனிப்படத்தை அச்செடுத்து வைத்தால் இது அதில் தெரியாது. அழுத்தாமல் ஒரு படம், அழுத்தி ஒரு படம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். நான் அப்படித்தான் சேமிக்கிறேன்.

அடுத்தது அளவு. குறுக்குவெட்டில் வட்டமாகத் தெரிந்த அந்தக் குழாயில் வெளி விளிம்பு தொடங்கி எதிர் வெளி விளிம்பு வரை 10.2 மில்லிமீட்டர் இருந்தது. அழுத்தின நிலையில் 6 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. சுவர் மட்டும் ஒரு பக்கம் 3.2 மில்லிமீட்டர். நல்ல குடல்வாலில் சுவர் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும், 3ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கும். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 6.4. மீதி 3.8 மில்லிமீட்டர் உள்ளே தேங்கிய நீர். கறுப்பாகத் தெரிந்தது.

குடல்சுவர் திரையில் ஒரே கோடாகத் தெரியாது. உள்ளிருந்து வெளியே வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து அடுக்காகத் தெரியும். நடுவில் இருக்கும் வெள்ளை வளையம் சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்கு. ரத்தக்குழாய்கள் அதிகம் ஓடுவது அதில்தான். தொடக்க நிலை அழற்சியில் அடுக்குகள் தடித்தாலும் இந்த வெள்ளை வளையம் முழுசாகச் சுற்றி வரும், அம்பெய்யும் பலகை போல் இருக்கும். சுவர் அழுகத் தொடங்கும்போது இந்த வளையம்தான் முதலில் அறுபடும். எங்கோ ஓரிடத்தில் வெள்ளை மங்கி, கறுப்பு அதைத் தின்றிருந்தால் நான் எழுந்து போய் அறுவை மருத்துவரிடம் போனில் பேசுவேன். ரிப்போர்ட் டைப் ஆகி வரும்வரை காத்திருக்க மாட்டேன். இந்தப் பையனுக்கு வளையம் அறுபடாமல் இருந்தது.

அளவெடுப்பதில் கைத்தவறு எளிது. குழாயைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் வாழைத்தண்டைச் சாய்த்து நறுக்கியது போல நீள்வட்டம் கிடைக்கும். அதன் நீண்ட பக்கத்தை அளந்தால் 5 மில்லிமீட்டர் குடல்வால்கூட 8 ஆகிவிடும். அழுத்தாமல் அளந்தாலும் எண் கூடும். இன்னொரு சிக்கல், நோயே இல்லாதவர்களிலும் சிலருக்குக் குடல்வாலுக்குள் மலமும் காற்றும் நிறைந்து விட்டம் 7 மில்லிமீட்டர் வரை வருவதுண்டு. அவர்களுக்குச் சுவர் மெல்லியதாகவே இருக்கும், உள்ளே இருப்பதுதான் இடத்தைப் பிடித்திருக்கும். அதனால்தான் மொத்த விட்டத்தோடு சுவரின் தடிமனையும் தனியே பார்க்கச் சொல்கிறோம். 6க்கும் 8க்கும் நடுவே விழும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் வயிற்றைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த நடுவாந்தர எண்களில் எனக்குத் துணைக்கு வருவது மூன்றாவது அடையாளம். மூன்றிலும் நான் அதிகம் நம்புவதும் இதைத்தான். குடல்வாலைச் சுற்றியுள்ள கொழுப்பு.

வயிற்றுக்குள் கொழுப்பு என்றதும் தொப்பை நினைவுக்கு வரும். ஆனால் ஒல்லியானவர்களுக்கும் குடல்களுக்கு இடையில் கொழுப்பு உண்டு. குடல்களுக்கு முன்னால் திரைச்சீலை போல் ஒரு கொழுப்பு மடிப்பும் தொங்குகிறது. கறிக்கடையில் ஆட்டின் குடல் மேல் வலை போல் படர்ந்திருக்குமே, அதுதான். மருத்துவர்கள் ஓமென்டம் என்கிறோம். இயல்பான கொழுப்பு ஸ்கேனில் சாம்பல் நிறமாக, குடல்களுக்கு நடுவே கவனத்தை ஈர்க்காமல் கிடக்கும். அழுத்தினால் வழிவிடும்.

வயிற்றுக்குள் எங்காவது அழற்சி தொடங்கினால் இந்தக் கொழுப்பு அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. குடல்வாலைத் தாங்கும் மடிப்பிலுள்ள கொழுப்பும் சேர்ந்து வீங்குகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி, நீர் கோத்து, வெள்ளை அணுக்கள் குவிந்து, கொழுப்பு கெட்டிப்படுகிறது. சீழ் வயிறு முழுக்கப் பரவாமல் அந்த இடத்தைச் சுற்றிப் பொதிந்து கட்டுவது அதன் வேலை. நீர் கோத்த கொழுப்பு ஒலியலையைப் பல திசைகளில் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே திரையில் பளிச்சென்ற வெண்மை. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் இருக்கும்போது நடுவில் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. அழுத்தினால் வழிவிடாது. குடல்வாலோடு சேர்ந்து ஒரே கட்டியாக நகரும்.

பையனுக்கு நான் முதலில் பார்த்தது, உள்ளபடி சொன்னால், இந்த வெண்மையைத்தான். வட்டம் பிறகுதான் கண்ணில் பட்டது. அடிவயிற்றில் வளைந்து நெளிந்து கிடக்கும் பத்துச் சுருள் குடலுக்கு நடுவே ஒரு சிறு குழாயைத் தேடுவது கடினம். வெள்ளைத் திட்டைத் தேடுவது சுலபம். அதன் நடுவில் போய்ப் பார்த்தால் குற்றவாளி இருப்பான். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் மருத்துவர்களிடம் நான் சொல்வது இதுதான். முதலில் எந்த இடத்துக் கொழுப்பு மாறியிருக்கிறது என்று பார். பிறகு அதற்குள் தேடு.

இந்த அடையாளத்துக்கும் எல்லை உண்டு. அழற்சி தொடங்கி முதல் சில மணி நேரத்தில் கொழுப்பு இன்னும் மாறியிருக்காது. மதியம் வலி தொடங்கி மாலையே ஸ்கேனுக்கு வந்தால் வெண்மை தெரியாமல் போகலாம். மறுபுறம், கொழுப்பு வெளுத்திருந்தால் குடல்வால்தான் காரணம் என்றும் அர்த்தமில்லை. பெருங்குடலில் பிதுங்கிய சிறு பை வீங்கினாலும், கொழுப்புத் திரையின் ஒரு துண்டு முறுக்கிக்கொண்டு ரத்தமில்லாமல் போனாலும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நாள்பட்ட அழற்சி இருந்தாலும் இதே வெண்மை வரும். தெருவில் எங்கோ தீ என்று புகை சொல்கிறது. எந்த வீடு என்பதைக் கதவைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டின் நடுவே அமுங்காத, முனை மூடிய, நெளியாத குழாய் இருந்தால்தான் மூன்றும் ஒன்று சேர்கின்றன.

பையனுக்கு மூன்றும் சேர்ந்துவிட்டன. நிறத்தில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டபோது சுவரைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மினுங்கின. குழாயின் அடிப்பக்கத்தில், பெருங்குடலோடு சேரும் இடத்தருகே, வெள்ளையாக ஒரு மணி. அதற்குப் பின்னால் கறுப்பு நிழல் வாலாக நீண்டது. கல்லாகிப்போன மலத் துணுக்கு, 6 மில்லிமீட்டர். அடைப்புக்கான காரணம் கிடைத்துவிட்டது. சிக்கலில்லாத குடல்வால் அழற்சியை இப்போது சிலருக்கு ஆன்டிபயாடிக் மருந்தாலேயே சமாளித்துப் பார்க்கிறார்கள். ஆனால் இப்படிக் கல் அடைத்திருந்தால் மருந்து தோற்பதற்கான வாய்ப்பு கூடுதல். அதனால் கல் இருந்தால் அதை ரிப்போர்ட்டில் எழுதத் தவறக் கூடாது.

அதற்குப் பிறகும் ப்ரோபை எடுக்கவில்லை. நுனி வரை போக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்தேன். குடல்வாலின் முதல் 4 சென்டிமீட்டரைப் பார்த்தேன். 5 மில்லிமீட்டர், நன்றாக அமுங்கியது. இடுப்புக்குள் இறங்கி மறைந்த மீதியைத் தேடாமல் இயல்பு என்று எழுதினேன். மறுநாள் வலி கூடித் திரும்பி வந்தார். இந்த முறை கீழே இறங்கிப் போனேன். கடைசி 2 சென்டிமீட்டர் மட்டும் 9 மில்லிமீட்டராக வீங்கி, வெள்ளைக் கொழுப்பால் பொதியப்பட்டிருந்தது. நுனியில் மட்டும் வரும் அழற்சி. அடிப்பகுதி கடைசிவரை நல்லபடியாகவே இருந்தது. நல்லவேளை, ஓட்டை விழுமுன் அறுவை நடந்தது. அன்றிலிருந்து மூடிய நுனியைக் கண்ணால் பார்க்காமல் இயல்பு என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. எதுவரை பார்த்தேன் என்பதை எழுதுகிறேன்.

ஓட்டை விழுந்த பிறகு இன்னொரு வகையில் ஏமாறலாம். உள்ளிருந்த சீழும் நீரும் வெளியேறியதும் குழாய் காற்றிறங்கிய டியூபாகிறது. விட்டம் குறையும், சில சமயம் அமுங்கவும் செய்யும். நோயாளிகூட வலி கொஞ்சம் குறைந்ததாகச் சொல்வார். முதல் இரண்டு அடையாளங்களும் கைவிட்டுவிடும். அப்போதும் மாறாமல் நிற்பது கொழுப்புதான். இன்னும் அதிகமாக வெளுத்து, அகலமாகப் பரவி, இடையிடையே கலங்கிய நீர்த் தேக்கங்களோடு இருக்கும். அந்த வெண்மையின் அகலத்தைப் பார்த்தே நான் நின்று, அறுபட்ட வளையத்தைத் தேடத் தொடங்குவேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம். பதினொரு வயதுச் சிறுமி, சளி பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, வலது அடிவயிற்றில் வலி. குடல்வால் 6.8 மில்லிமீட்டர். எண்ணை மட்டும் பார்த்தால் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் அழுத்தியபோது நன்றாகத் தட்டையானது. கொழுப்பு சாம்பலாகவே இருந்தது. சுவரில் உள்ளடுக்கு மட்டும் கறுப்பாகத் தடித்திருந்தது. சின்ன வயதில் தொண்டையில் டான்சில் வீங்குவது போலக் குடல்வால் சுவரின் நிணத் திசுவும் வீங்கும். பக்கத்தில் குடல் மடிப்பில் நாலைந்து நெறிகள் கட்டியிருந்தன. அறுவை வேண்டாம், கவனித்துப் பார்க்கலாம் என்று குழந்தை மருத்துவரும் நானும் முடிவெடுத்தோம். மறுநாள் திரும்பவும் ஸ்கேன் செய்தேன், எதுவும் கூடவில்லை. மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போனாள்.

பல ரிப்போர்ட்டுகளில் 'அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். குடல்வால் கண்ணில் படவில்லை என்பது அதன் பொருள். நிறையப் பேர் அதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போகிறார்கள். அது தவறு. உடல் பருமனாக இருந்தாலோ, குடலில் காற்று அதிகமாக இருந்தாலோ, குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தாலோ அழுத்தியும் அது அகப்படாமல் போகலாம். பின்னால் ஒளிந்திருந்தால் நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையை முதுகுக்கு அடியில் கொடுத்து முன்னோக்கித் தள்ளி, விலாப்பக்கத்திலிருந்து பார்ப்போம். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வளர்ந்த கர்ப்பப்பை குடல்வாலை மேலே தள்ளியிருக்கும், தேடும் இடமே மாறும். இவ்வளவு செய்தும் கிடைக்காவிட்டால், கொழுப்பு வெளுத்திருக்கிறதா, நீர் தேங்கியிருக்கிறதா என்ற துணைச் செய்தியாவது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். குடல்வாலும் தெரியவில்லை, கொழுப்பும் இயல்பு, ரத்தப் பரிசோதனையும் சரி என்றால் நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. குடல்வால் தெரியவில்லை, ஆனால் வலி நகர்ந்து வலப்பக்கம் வந்திருக்கிறது, வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கின்றன என்றால் சில மணி நேரத்தில் மறு ஸ்கேனோ சி.டி. ஸ்கேனோ தேவைப்படும். கர்ப்பிணிக்கு எம்.ஆர்.ஐ. செய்வார்கள். அந்த வரியோடு வீட்டுக்குப் போகுமுன் மருத்துவரிடம், "குடல்வால் தெரியலன்னு போட்டிருக்கு, அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள்.

பையனின் நுனி இடுப்பை நோக்கி இறங்கியிருந்தது. அவன் விரல் இரண்டு விரற்கடை கீழே காட்டியதற்குக் காரணம் அதுதான். நுனிவரை வீக்கம், வெளியே சீழ் இல்லை. கையை எடுக்கும் முன், "இப்போ மெதுவா விடப்போறேன் தம்பி" என்று சொல்லி, இறங்கியதைவிட மெதுவாக ஏறினேன். ஜெல்லைத் துடைத்துவிட்டு அறுவை மருத்துவருக்குப் போன் செய்தேன். அம்மா வாசலில் நின்றபடி, "ஆபரேஷனா டாக்டர்?" என்றார். திரையைத் திருப்பி, அழுத்தாமல் எடுத்த படத்தையும் அழுத்தி எடுத்த படத்தையும் காட்டினேன். "பக்கத்துல இருக்கற குடல் நசுங்கிடுச்சு பாருங்கம்மா. இது மட்டும் நசுங்கல." அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

விடிகாலை 5 மணிக்கு லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். ஓட்டை விழவில்லை. காலை ரவுண்ட்ஸில் பார்த்தபோது அறுவை மருத்துவர் சொன்னார், குடல்வாலைக் கட்டி அறுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்த கொழுப்பைப் பிரித்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது என்று.